அடையாளமும் முகவரியும்: ஆங்கில வங்கிப் படிவத்தைத் தமிழில் எழுதித் தருவது

முதல் முறையாகக் கணக்குத் தொடங்க வருபவரிடம் வங்கி கேட்பது இரண்டே கேள்விகள். நீங்கள் யார்? எங்கே குடியிருக்கிறீர்கள்? இந்த இரண்டுக்கும் எந்தெந்தத் தாளைக் காட்டலாம் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், அடுக்கடுக்கான நிபந்தனைகளோடு ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் சொல்ல யாரோ ஒருவர் தேவைப்படுகிறார். மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர், கம்பெனியில் புது ஆட்களைச் சேர்க்கும் சூப்பர்வைசர், அம்மாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் கல்லூரி மாணவர் என்று அது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஒருவர்தான். இந்த அத்தியாயம் அவருக்கானது.

நீங்கள் செய்யப்போவது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு இல்லை. படித்து முடித்ததும் ஒருவர் பையில் எதை எடுத்துவைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்படி ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதப்போகிறீர்கள். விதியின் மொழியை எவ்வளவு எளிமையாக்கினாலும் சரி, அதன் நிபந்தனை மட்டும் மாறக் கூடாது.

## எழுத உட்காரும் முன்

1. தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் சலான், பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கவுன்டரில் கேட்டால் அடியிலிருந்து எடுத்துத் தருவதும் உண்டு. தமிழ்ப் படிவம் கிடைத்தாலும் நீங்கள் எழுதும் தாளுக்கு வேலை இருக்கும். அந்தத் தமிழ், சட்டத் தமிழாக இருப்பதே வழக்கம்.

2. முழுப் படிவத்தையும் வாங்குங்கள். முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டாம். ஆவணப் பட்டியல் கடைசிப் பக்கத்திலோ தனி இணைப்பிலோ இருக்கும். பழைய அச்சுப் படிவங்களும் கிளைகளில் புழங்குவதால், பட்டியல் இப்போதும் அதுதானா என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கணக்குத் தொடங்குபவர் வைத்திருக்கும் தாள்களை மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது, முகவரி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் இல்லாத தாளைப் பற்றிய விதியை எழுதி அவரைக் குழப்ப வேண்டியதில்லை.

## முதல் வேலை: ‘அல்லது’ எங்கே, ‘மற்றும்’ எங்கே

ஆங்கிலப் பத்தியைப் பென்சிலோடு படியுங்கள். நான்கு வகைச் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள்: ‘ஏதாவது ஒன்று’ என்பவை, ‘இரண்டும்’ என்பவை, ‘இப்படி இருந்தால் மட்டும்’ என்பவை, ‘இத்தனை நாளுக்குள்’ என்பவை. விதியின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. தாளின் பெயரைத் தப்பாக எழுதினால் கவுன்டரில் திருத்திவிடுவார்கள். ‘அல்லது’ விட்டுப்போனால், ஒரு தாள் போதுமான இடத்தில் மூன்று தாள் தேடி அந்த மனிதர் ஒரு நாள் கூலியை இழப்பார்.

ஆங்கிலத்தில் ‘கீழ்க்கண்டவற்றில் ஒன்று’ என்று ஒரே ஒரு முறை மேலே சொல்லிவிட்டு, கீழே ஆறு வரியை அடுக்கிவிடுவார்கள். தமிழில் அதை அப்படியே வரிசையாக எழுதினால், வாசிப்பவர் கண்ணுக்கு அது மளிகைச் சாமான் பட்டியல்தான். எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்றே நினைப்பார். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ‘அல்லது’ என்று எழுதுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தப்பு நடக்காது.

## ஆறு ஆவணங்கள்

படிவத்தில் ‘ஆபீஷியலி வேலிட் டாக்குமென்ட்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். இதை ‘அதிகாரபூர்வமாகச் செல்லத்தக்க ஆவணம்’ என்று தமிழாக்கினால், அரசாங்க முத்திரை உள்ள எந்தத் தாளும் செல்லும் என்று பொருள்படும். உண்மையில் அது ஒரு மூடிய பட்டியல். அதில் ஆறு மட்டுமே உண்டு. ‘வங்கி ஏற்கும் ஆறு ஆவணங்கள்’ என்றே எழுதுங்கள்:

- பாஸ்போர்ட், அல்லது
- டிரைவிங் லைசென்ஸ், அல்லது
- ஆதார், அல்லது
- வாக்காளர் அடையாள அட்டை, அல்லது
- மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, அல்லது
- தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம்

கடைசி ஆவணத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருக்கவே மாட்டார்கள். உங்கள் ஆளிடம் அது இல்லை என்றால் தாளில் எழுத வேண்டாம். நூறு நாள் வேலை அட்டையில் ‘அதிகாரி கையெழுத்திட்ட’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தால் அந்த அட்டை செல்லாது.

இந்த ஆறில் எதிலாவது இப்போதைய முகவரியும் இருந்துவிட்டால், அந்த ஒரே தாள் அடையாளத்துக்கும் முகவரிக்கும் சேர்த்தே போதும். படிவத்தில் அடையாளச் சான்றுக்கு ஒரு கட்டம், முகவரிச் சான்றுக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியாக இருப்பதால், இரண்டு வெவ்வேறு தாள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே ஆவணத்தின் பெயரை எழுதலாம் என்று தாளில் சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் இல்லாதவற்றையும் இரண்டு வரியில் எழுதுவது நல்லது. தமிழ்நாட்டு வீடுகளில் எதற்கும் முதலில் எடுப்பது ரேஷன் கார்டைத்தான். அது இந்த ஆறில் இல்லை. கம்பெனி அடையாள அட்டையும் இல்லை. தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் வாக்காளர் அட்டை ஆகாது.

பான் கார்டு தனி. அதில் முகவரி கிடையாது, மேற்சொன்ன ஆறிலும் அது சேராது. ஆனால் வங்கி அதைத் தனியாகக் கேட்கும். பான் இல்லாதவர் ‘ஃபார்ம் 60’ என்ற உறுதிமொழிப் படிவத்தை எழுதித் தர வேண்டும். ஆகவே உங்கள் தாளில் இது ‘அல்லது’ வரிசையில் வரக் கூடாது. ‘இதோடு சேர்த்து: பான் கார்டு, இல்லாவிட்டால் ஃபார்ம் 60’ என்று கீழே தனிப் பத்தியாக எழுதுங்கள்.

> குறிப்பு: ஆளை அலையவிடும் இரண்டு சொற்கள். முகவரிச் சான்று என்பதை ‘இருப்பிடச் சான்று’ என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் நேராக இ-சேவை மையத்துக்குப் போய் தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பார். வங்கி அதைக் கேட்கவே இல்லை. அதே மாதிரி ‘ஸ்மார்ட் கார்டு’ என்றால் ஒருவருக்கு ரேஷன் கார்டு, இன்னொருவருக்கு பிளாஸ்டிக் ஆதார், மற்றொருவருக்கு லைசென்ஸ். அந்தச் சொல்லைத் தாளில் எங்குமே பயன்படுத்தாதீர்கள்.

## ஆவணத்தில் பழைய முகவரி இருந்தால்

மொழிபெயர்ப்பில் தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். பொறுமையாகப் பாருங்கள்.

விதி இப்படிப் போகிறது: ஆறில் ஒன்று கையில் இருக்கிறது, ஆனால் அதில் இப்போதைய முகவரி இல்லை. அப்படியானால் முகவரிக்கு மட்டும், தற்காலிகமாக, வேறு நான்கு வகைத் தாள்களில் ஒன்றை வங்கி ஏற்கும். முதல் வகை மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு செல்போன், குழாய் எரிவாயு, குடிநீர் ஆகியவற்றில் ஒன்றின் பில். அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இரண்டாவது சொத்து வரி அல்லது நகராட்சி வரி ரசீது. மூன்றாவது, அரசுத் துறையோ பொதுத்துறை நிறுவனமோ தந்த, முகவரி உள்ள பென்ஷன் ஆணை. நான்காவது, குடியிருப்பு ஒதுக்கி வேலை கொடுத்தவர் தரும் கடிதம் அல்லது ஒப்பந்தம். அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், வங்கி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி போன்றவை தந்தால்தான் அது செல்லும்.

இதில் ஒன்றைக் கொடுத்தவர் மூன்று மாதத்துக்குள் இப்போதைய முகவரி உள்ள ஆவணத்தை, அதாவது அந்த ஆறில் ஒன்றை, கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் தேவை.

இரண்டு மாதம் எதற்கு? பில்லுக்கு மட்டும். வரி ரசீதுக்கோ பென்ஷன் ஆணைக்கோ அந்தக் கெடு கிடையாது. ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் பில்லோடு ஒட்டி நிற்கும். தமிழில் ‘இரண்டு மாதத்துக்கு மேற்படாத கீழ்க்கண்ட ஆவணங்கள்’ என்று மேலே தூக்கிப் போட்டுவிட்டால், போன அரையாண்டின் வரி ரசீதை வைத்திருக்கும் வீட்டுக்காரர் அது செல்லாது என்று நினைத்துத் திரும்பிவிடுவார். மூன்று மாதக் கெடுவோ இதற்கு நேர்மாறு. நான்கில் எதைக் கொடுத்தாலும் அது உண்டு.

கால அளவைத் தேதியாக மாற்றுங்கள். ஒரே பத்தியில் இரண்டு மாதமும் மூன்று மாதமும் வந்தால் கேட்பவருக்கு இரண்டும் கலந்துவிடும். ஒன்று பின்னோக்கி எண்ணுவது, மற்றது முன்னோக்கி எண்ணுவது. ஜூன் 10 அன்று படிவம் கொடுக்கப் போகிறார் என்றால், ‘பில்லின் தேதி ஏப்ரல் 10 அல்லது அதற்குப் பின் இருக்க வேண்டும்’ என்றும், ‘முகவரி மாற்றிய ஆவணத்தை செப்டம்பர் 10-க்குள் காட்ட வேண்டும்’ என்றும் எழுதுங்கள். போகும் நாள் தள்ளிப்போனால் தேதியையும் மாற்ற மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கீடே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். கணக்கெடுப்பு நெருங்கும் சமயத்தில் கையில் இருக்கும் பில் கெடுவின் விளிம்பில் நிற்கும். சில நாள் பொறுத்துப் புதுப் பில் வந்ததும் போவது நல்லது.

பெயர்ச்சொல்லை வெட்டாதீர்கள். ‘குழாய் எரிவாயு’ என்பதைச் சுருக்கி ‘கேஸ் பில்’ என்று எழுதினால், சிலிண்டர் போட்ட ரசீதைக் கொண்டுவருவார்கள். அது விதியில் இல்லை. ‘போஸ்ட்பெய்டு’ என்பதை விட்டுவிட்டு ‘செல்போன் பில்’ என்று எழுதினால், ரீசார்ஜ் செய்தவர் கடையில் சீட்டு கேட்டு நிற்பார். ‘கரண்ட் பில்’ என்றால் வீட்டில் மாட்டியிருக்கும் வெள்ளை அட்டையைத்தான் பலர் எடுத்துவருகிறார்கள். பெயர், முகவரி, தேதி மூன்றும் உள்ள பில் என்று விளக்கி எழுதுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பட்டியலால் பெரிய பலன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வீட்டுக்காரரோடு போட்ட வாடகை ஒப்பந்தம் இந்த நான்கில் வராது. நான்காவது வகையில் ஒப்பந்தம் என்ற சொல் வருவதைப் பார்த்து ‘வாடகை ஒப்பந்தம்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். அது வேலை கொடுத்தவர் ஒதுக்கிய குடியிருப்புக்கு மட்டும். வாடகைக்கு இருப்பவருக்கான வழி படிவத்தின் ஆதார் பகுதியில் இருக்கிறது. கீழே ஓர் உதாரணத்தில் அதைப் பார்ப்போம்.

## பெயர்க் கட்டம்

ஆங்கிலப் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டம்: முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். இந்த மூன்று கட்டத்தை எப்படி நிரப்புவது என்று யோசித்து, அப்பா பெயரை விரித்து எழுதுவது, ஊர்ப் பெயரைச் சேர்ப்பது, சாதிப் பெயரைச் சேர்ப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள். பிறகு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர்.

இதற்கான விதி படிவத்திலேயே பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும்: அடையாளச் சான்றில் உள்ளபடியே. இதை ‘சரியான பெயரை எழுதவும்’ என்று தமிழாக்க வேண்டாம். எல்லாரும் தங்கள் பெயர் சரியானது என்றுதான் நினைக்கிறார்கள். ‘கொண்டுபோகும் ஆவணத்தில் ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் இருக்கின்றனவோ, அதே எழுத்துகள், அதே வரிசை’ என்று எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், அது தப்பாகவே தெரிந்தாலும், படிவத்தில் திருத்தக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் முதலில் ஆவணத்தில் திருத்திவிட்டு வர வேண்டும்.

பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கு முன் எடுத்த வாக்காளர் அட்டையில் அப்பா இனிஷியல். பிறகு திருத்திய ஆதாரில் கணவர் இனிஷியல். ஆவணம் வாங்கிய பிறகு பெயர் மாறியிருந்தால், மாநில அரசு தந்த திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிப்பையோ சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பழைய ஆவணமே செல்லும் என்கிறது விதி. இதில் ‘மாநில அரசு தந்த’ என்பது முக்கியம். ‘கல்யாணச் சான்று’ என்று மட்டும் எழுதினால் கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் வந்து சேரும். ‘பதிவு அலுவலகம் தந்த திருமணச் சான்றிதழ்’ என்று எழுதுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பெயரும் இனிஷியலும் இப்போது எழுதுகிற மாதிரியே உள்ள ஒரே ஆவணத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கேள்விக்கும் அதையே காட்டுவது. கூடவே இருக்கட்டும் என்று முரண்பட்ட அட்டையையும் சேர்த்து நீட்டினால், இல்லாத சந்தேகத்தை நாமே கிளப்புகிறோம்.

## நகல், அசல், கையெழுத்து

‘செல்ஃப் அட்டெஸ்டட்’ என்பதை ‘சுய சான்றொப்பமிட்ட’ என்று எழுதினால், சான்றொப்பம் என்ற சொல்லைப் பார்த்ததும் பச்சை மை அதிகாரியைத் தேடிப் போவார்கள். ‘ஜெராக்ஸ் காப்பியில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள், வேறு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்’ என்று எழுதினால் தீர்ந்தது. ‘அசல் ஆவணம் சரிபார்ப்பதற்காக’ என்ற வரியை ‘அசலைக் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்’ என்று மூன்றாகப் பிரியுங்கள்.

## உறுதிமொழிப் பகுதியில் இரண்டு கண்ணிகள்

அடையாள விதிகளை ஒட்டியே சில டிக் கட்டங்கள் வரும். அவற்றில் ஒன்று, நீங்கள் ‘பொலிட்டிக்கலி எக்ஸ்போஸ்டு பர்சன்’ வகையா என்று கேட்கும். ‘அரசியல் தொடர்புள்ளவரா’ என்று தமிழாக்கினால் கட்சி உறுப்பினர், வார்டு கவுன்சிலரின் மனைவி எல்லாரும் ஆமாம் என்று டிக் செய்துவிடுவார்கள். பிறகு அந்தக் கணக்குக்குக் கூடுதல் விசாரணை வரும். ரிசர்வ் வங்கியின் விளக்கப்படி இது வேறொரு நாட்டின் அரசாங்கத்தில் உயர்ந்த பொறுப்பு வகிப்பவர்களைக் குறிப்பது. ‘வெளிநாட்டு அரசில் உயர் பதவியில் இருப்பவரா, இருந்தவரா’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, ஆதார் ஒப்புதல். ‘நான் விருப்பத்தோடு என் ஆதாரைத் தருகிறேன், அதைக் கொண்டு என் விவரங்களைச் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன்’ என்பது இதன் சாரம். இதை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு அவரே டிக் செய்யட்டும். அரசு உதவித்தொகை கணக்குக்கு வருவதாக இருந்தால் ஆதார் கட்டாயமாகிறது. மற்றபடி ஆறில் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்பதையும் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

## ஓர் உதாரணம்: செல்வியின் தாள்

செல்வி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் செய்யாறு பக்கம். திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். சம்பளம் போட வங்கிக் கணக்கு கேட்கிறார்கள். கையில் இருப்பவை: ஊர் முகவரியும் கணவர் இனிஷியலும் உள்ள ஆதார், அப்பா இனிஷியல் உள்ள வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் பெயரில் உள்ள கரண்ட் பில். பான் இல்லை.

ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வேலைக்கு ஆகாது. வாக்காளர் அட்டை இனிஷியல் பிரச்சினையைக் கொண்டுவரும். மிச்சம் ஆதார்தான், அதில் முகவரி ஊரில் இருக்கிறது. விதியில் இதற்கு ஒரு வாசல் உண்டு. கைரேகை வைத்து ஆதார் வழியாகவே அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்பவர், இப்போதைய முகவரி வேறு என்றால் அதைத் தானே எழுதி உறுதிமொழியாகத் தரலாம். வேறு சான்று வேண்டாம். இந்த ஒரு வாக்கியம் பல படிவங்களில் அடிக்குறிப்பாக ஒளிந்திருக்கும். ஊரை விட்டு வந்து வேலை பார்ப்பவருக்கு முழுப் படிவத்திலும் அதைவிடப் பயனுள்ள வரி கிடையாது.

செல்விக்கு எழுதித் தரும் தாள் இப்படி இருக்கலாம்:

> 1. ஆதார் கார்டு அசல். இது போதும். அடையாளத்துக்கும் இதுவே, முகவரிக்கும் இதுவே.
> 2. பான் இல்லாததால் ஃபார்ம் 60 கேட்டு வாங்கி நிரப்பவும்.
> 3. போட்டோ. எத்தனை என்று படிவத்தில் பார்க்கவும்.
> 4. ‘பெர்மனென்ட்’ என்ற கட்டத்தில் ஊர் முகவரி, ஆதாரில் உள்ளபடி. ‘கரெஸ்பாண்டன்ஸ்’ அல்லது ‘கரன்ட்’ என்ற கட்டத்தில் திருப்பூர் முகவரி. ஏடிஎம் கார்டு தபாலில் இங்கேதான் வரும்.
> 5. கைரேகை வைத்துச் சரிபார்க்கக் கேட்கவும். ‘இப்போ இருக்கிற அட்ரஸ் வேற, அதுக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்று சொல்லவும்.
> 6. பெயர்: ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துகள் அப்படியே. இனிஷியலை விரிக்க வேண்டாம்.
> 7. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு தேவையில்லை.

நான்காவது வரியில் கட்டங்களின் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ‘நிரந்தர முகவரி’ என்று மட்டும் எழுதினால் செல்வி அதைப் படிவத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. யாரிடமாவது காட்டிக் கேட்பதற்காவது அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களால் முடிந்தால், படிவத்திலேயே அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 4 என்று எண் போட்டுக் கொடுங்கள்.

கைரேகை விழாவிட்டால்: துணி, சிமென்ட், சோப்புத் தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். விரலை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். அதுவும் ஆகாவிட்டால் ஆதார் அட்டையையே ஆவணமாகக் காட்டி ஊர் முகவரியில் கணக்குத் தொடங்கலாம். அப்போது மேலே சொன்ன உறுதிமொழி வாசல் அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் முகவரிக்கு என்ன வேண்டும் என்று கிளையிலேயே கேட்கவும். இந்த வரியைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினால் போதும்.

## எழுதியதைச் சோதிப்பது

தாளை அவரிடமே கொடுத்து, ‘இதைப் பார்த்து எதையெதை எடுத்துவைப்பீங்க?’ என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்பார்கள். அவர் தேவையில்லாத தாளை எடுத்தாலோ எதையாவது விட்டாலோ, தப்பு உங்கள் தாளில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே கைநாட்டு. நிரப்பாத படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்கவே கூடாது.

## உதவுபவர் கவனிக்க வேண்டிய பாதுகாப்பு

இன்னொருவரின் அடையாளம் உங்கள் கையில் இருக்கும் நேரம் இது. ஆதாரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். நேரில் பார்த்து எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத காப்பியையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். கொடுக்கும் நகலின் குறுக்கே, பெயரும் எண்ணும் மறையாதபடி, ‘கணக்குத் தொடங்க மட்டும்’ என்று வங்கியின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஆதாரில், எண்ணைக் கொண்டு சரிபார்ப்பு நடக்காமல் வெறும் நகல் மட்டும் கொடுக்கும்போது எண்ணை மறைத்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

செல்போன் எண் கட்டத்தில் உங்கள் எண்ணை எழுதவே வேண்டாம். அவரிடம் போன் இல்லை, உங்கள் எண்ணைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கின் ஓடிபி எல்லாம் உங்களுக்கு வரும். நாளைக்குப் பணம் குறைந்தால் கேள்வியும் உங்களிடம்தான் வரும். அவர் போனுக்கு வரும் ஓடிபியையும் அவரே பார்த்து அவரே சொல்லட்டும்.

## ஆறில் ஒன்றுகூட இல்லாதவர்

இவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ‘ஸ்மால் அக்கவுன்ட்’ என்று ஒரு வகை உண்டு. கையெழுத்துப் போட்ட போட்டோவோடு போய், வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் திறந்து தரலாம். இதை ‘சிறு கணக்கு’ என்று மட்டும் எழுதினால் சிறுசேமிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஆவணம் இல்லாதவருக்கான, வரம்புள்ள கணக்கு’ என்று விளக்கி, மூன்று வரம்பையும் எழுதுங்கள்: ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்ந்து 10,000 ரூபாய்க்கு மேல் கூடாது. எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கு முதலில் 12 மாதம் ஓடும். அதற்குள் ஆறு ஆவணங்களில் ஒன்றுக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் கிடைக்கும். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்த வரம்பு சீக்கிரமே இடிக்கும். ஆகையால் கணக்குத் திறந்த வாரத்திலேயே ஆதாருக்கோ வாக்காளர் அட்டைக்கோ விண்ணப்பிக்கச் சொல்லி, ஒப்புகைச் சீட்டைப் பாஸ்புக்கோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

## கணக்கு வந்த பிறகு

செல்வி பிறகு ஆதாரில் திருப்பூர் முகவரியை ஏற்றிவிட்டால், அப்படி மாற்றிய 30 நாளுக்குள் வங்கிக்கும் அந்தப் புது ஆவணத்தைக் காட்ட வேண்டும். ஆதாரில் மாறினால் வங்கியில் தானாக மாறிவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது, அது நடக்காது. வங்கி அவ்வப்போது விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பும். சாதாரணக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் இது பத்து ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆகவே கணக்குத் திறந்த சில மாதத்திலேயே ‘உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது, இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று வந்தால் அழுத்த வேண்டாம், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே போய்க் கேளுங்கள் என்று தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.